பாதி நிறைந்த லாரி

எழுபதுகளின் பிற்பகுதியில் திருவனந்தபுரத்தில், குடிநீர் வழங்கும் அலுவலகம் ஒன்றில் எஸ்டிமேட் போடும் வேலை எனக்கு. வீடு கிழக்கேகோட்டையில். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். அந்தத் தைரியத்தில்தான் மற்றவர்களின் தண்ணீரைப் பற்றி அத்தனை அலட்சியமாக எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது.

நகரத்தின் ஓரத்தில் ஒரு பாறைக்குன்றின் மேல் கட்டட வேலைக்காரர்களின் குடியிருப்பு இருந்தது. எங்கள் தொட்டியின் மட்டத்தைவிடக் குன்று உயரம், தண்ணீர் தானாக ஏறாது. வாடகை லாரி தினம் ஆறு நடை போகும். அங்கிருந்து ஒரு பெண் எங்கள் அலுவலகத்தின் புது மாடிக்கு மணல் சுமக்க வருவாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. நான் தமிழன் என்று தெரிந்ததிலிருந்து என்னை விடமாட்டாள்.

“எங்களுக்கு எப்பம் ஐயா குழாய் வரும்? லாரி பிந்திட்டுன்னா அன்னைக்கு வேலைக்கு வர முடியல. சம்பளம் போச்சி.”

“எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்” என்பேன். பொய் இல்லை. குழாயா லாரியா என்று ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரிக்கச் சொல்லியிருந்தார்கள்.

லாரி ஒரு நடைக்கு எட்டாயிரம் லிட்டர் கொண்டுபோகும். மூன்று அங்குலக் குழாயும் ஒரு பம்பும் இருந்தால் அதை அரை மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். ஆறு நடைக்கு மூன்று மணி நேரம் போதும். குழாய் பதிக்க முதலில் பெருந்தொகை வேண்டும், பிறகு மின்சாரமும் ஓர் ஆளும்தான். லாரிக்கோ டீசல், டயர், வாடகை என்று தினம் அழவேண்டும். நாலாம் வருடம் குழாய் மலிவாகிவிடும். மிஞ்சியது பாதுகாப்பு என்ற கட்டம். குழாயும் ஒன்றும் உத்தமன் இல்லை. தண்ணீர் நின்ற நேரத்தில் ஓட்டை வழியே சாக்கடையை உறிஞ்சும். அதைக் குளோரின் போட்டுச் சமாளிக்கலாம்.

லாரியைப் பற்றி அதன் டிரைவரிடமே கேட்டேன். கொச்சியிலிருந்து பெட்ரோல் டாங்கர் ஓட்டிய ஆள்.

“சாரே, கொச்சியில கப்பல்ல இருந்து எண்ணெய் குழாய்லதான் போகும். அவ்வளவையும் லாரியில அடிச்சா ரோடு தாங்காது. குழாய் கவுந்து கேட்டதுண்டா? லாரி கவுந்துரும். அதுக்குத்தான் எண்ணெய் டாங்கருக்குள்ள அறை அறையா அடைச்சிருக்கும். கேஸ் வண்டின்னா இன்னும் பேடி, பயம். இந்தத் தண்ணி டாங்க் பட்டறையில சும்மா வச்சு ஒட்டினது, உள்ள ஒரு தகடு கிடையாது. குன்றுக்குக் கீழ உள்ள தொட்டியில பாதி இறக்கிட்டு மீதியோட வளைவு கேறும்போ, உள்ள கிடக்கிற தண்ணி ஒரு பக்கமா பாஞ்சு வண்டியப் பிடிச்சுத் தள்ளும். நிறைஞ்ச வண்டியோட எனக்குப் பயமில்ல. பாதி வண்டிதான் பயம்.”

அதை அப்படியே எழுதி இன்ஜினீயரிடம் நீட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. பென்சிலால் அந்த வரிகளை அடித்துவிட்டு மலையாளத்தில் சொன்னார்: “ரேட் புத்தகத்தில் விலை இல்லாததற்கு நாம் எப்படி மதிப்புப் போடுவது? மேலே கேள்வி கேட்பார்கள். வழக்கம்போல் சமம் என்று போடும்.”

விலை போட முடியாத கட்டத்தில் சமம் என்று எழுதுவது எங்கள் அலுவலகத்து வழக்கம். நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அன்றும் எழுதினேன், நல்ல கையெழுத்தில். நாலு வருடம் காத்திருந்து கிடைக்கும் லாபத்துக்காக யாரும் பணம் ஒதுக்குவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆபத்து என்ற ஒரு சொல்தான் அந்தக் குன்றுக்குக் குழாயை வாங்கித் தந்திருக்கும். ‘தேவை தற்காலிகமானது, லாரியே தொடரலாம்’ என்ற குறிப்போடு கோப்பைக் கிடப்பில் போட்டார்கள்.

ஒரு மத்தியானம் கீழ்த்தொட்டியில் பாதி இறக்கிவிட்டு ஏறிய லாரி வளைவில் சாய்ந்தது. டிரைவர் காலொடிந்து பிழைத்துக்கொண்டார். வண்டி பிந்தியதால் வேலைக்கு வராமல், குடத்தோடு வளைவில் நின்றிருந்த அந்தப் பெண் வண்டிக்கடியில் சிக்கி இறந்துபோனாள். செய்தி வந்தபோது நான் வேறொரு அட்டவணைக்குக் கோடு கிழித்துக்கொண்டிருந்தேன். மீதிக் கோடுகளையும் கிழித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அதை நினைத்தால்தான் இன்றும் என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அவள் புருஷன் நஷ்டஈடு கேட்டு எங்கள் அலுவலகத்தில் மனுக் கொடுத்தான். சில மாதம் கழித்து, வந்த பதிலை எடுத்துக்கொண்டு என்னிடமே வந்தான். ஆங்கிலக் கடிதம்.

“என்ன எழுதிருக்கு ஐயா? வாசிச்சிச் சொல்லுங்க.”

முறைப்படி ஒப்பீடு செய்யப்பட்டதாகவும், பாதுகாப்பில் இரண்டு வழிகளுக்கும் வேறுபாடு காணப்படவில்லை என்றும், ஆகவே அலுவலகத்தின்மேல் தவறு இல்லை என்றும் இருந்தது. தமிழில் சொன்னேன். அந்த ஒப்பீட்டை எழுதியவன் நான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவன் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

“சரி ஐயா. இன்னைக்கு லாரி உண்டா?”

“உண்டு.”

“அப்பம் நான் போறேன். இப்பம் தண்ணி பிடிக்க நான்தான் நிக்கணும்.”