சுவரில் தொங்கிய என் பெயர்

கணவருக்கு வங்கியில் மலையகத்து ஹட்டனுக்கு மாற்றம் வந்தபோது, எனக்கு வேலை கிடைப்பதைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. நான் பதிவு பெற்ற மருந்தாளர். கொழும்பில் ஒரே பார்மசியில் எட்டு வருடம் நின்றவள். மருந்து விற்காத ஊர் உண்டா என்ன?

வந்த இரண்டாவது வாரமே அந்தத் திமிர் இறங்கிவிட்டது. பஜாரில் நான் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் ஒரே கேள்வி, இங்கே உங்களுக்கு யாரைத் தெரியும் என்று. கொழும்பில் டாக்டர்களே சந்தேகம் கேட்டு என்னை அழைப்பார்கள். மருந்துக் கம்பனி ஆட்கள் டீ குடிக்காமல் போக மாட்டார்கள். அவர்களுடைய எண்கள் எல்லாம் என் போனில் பத்திரமாக இருந்தன. ஒவ்வொருவரையும் அழைத்துப் பார்த்தேன். யாருக்கும் இந்தப் பக்கம் ஆள் தெரியவில்லை. மூன்று மாதம் ஓடியது. ஓயாத மழையில் துணி காயாத வீட்டில் உட்கார்ந்து, படித்தது எல்லாம் இப்படியே மறந்துவிடுமோ என்று பயந்தேன்.

அப்போதுதான் ஒரு கடை முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அவருடைய மருந்தாளர் வெளிநாடு போய்விட்டாராம். லைசன்ஸைப் புதுப்பிக்க ஒரு மருந்தாளர் பெயர் வேண்டும்.

"சேட்டிபிக்கட்ட மட்டும் குடுங்க மிஸ், சுவத்துல மாட்டிக்கிறோம். நீங்க வந்து நிக்கணும்னு இல்ல. ரெண்டு மாசம் போகட்டும், அப்பறம் வேலைக்கும் எடுத்துக்கிறேன்."

மருந்தாளர் கடையில் இல்லாமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. மற்றவர்கள் இப்படிச் செய்ததைக் கேள்விப்பட்டு முகம் சுளித்தவள்தான் நான். இருந்தும் கொடுத்தேன். ஊருக்குள் நுழைய ஒரு கதவாவது திறக்கட்டுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. பஸ் அந்தக் கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மருந்துப் பரிசோதகர் வந்தால் பதிவே போய்விடும். பதிவு போனால் எந்த ஊரிலும் நான் மருந்தாளர் இல்லை.

ஐந்தாவது வாரம், பக்கத்து வீட்டு அக்கா மாத்திரை உறையோடு வந்தார். அவருக்கு மூட்டுவாதம். டாக்டரம்மா திங்கட்கிழமை மட்டும் போடச் சொன்னாராம், உறையில் தினமும் என்று எழுதியிருக்கிறதாம். எது சரி என்று கேட்டார். அவர் கையில் இருந்த மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். வாரத்துக்கு ஒரு நாள் என்று தெளிவாகவே இருந்தது. தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும் மாத்திரை அது. அக்கா மூன்று நாளாகப் போட்டிருந்தார். உறையைத் திருப்பினேன். என் பெயர் தொங்கும் கடை.

இனி போட வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, சீட்டில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். மருந்தாளர் என்று சொல்லி விஷயத்தைச் சொன்னேன். வாயில் புண் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டார். இரண்டும் இல்லை. காலையில் கூட்டி வரச் சொன்னார், ரத்தம் பார்க்க வேண்டும்.

"நீங்க எந்த பார்மசி?"

பக்கத்து வீட்டுக்காரி என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடையின் பெயரைச் சொன்னேன். அங்கே என் சான்றிதழ் மட்டும்தான் இருக்கிறது, நான் இல்லை என்பதையும் சொன்னேன்.

"மொதல்ல அத கழட்டுங்க," என்றார் டாக்டரம்மா.

மறுநாள் அக்காவை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். ரத்த அறிக்கையில் குறை இல்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார்கள். அங்கிருந்து நேரே கடைக்குப் போனேன். அதே மாத்திரை வேறு யாருக்காவது அப்படிப் போயிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார் முதலாளி. அதை நம்புவதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. சான்றிதழை நானே கழற்றினேன்.

"இனி இந்த பஜார்ல யாரு ஒங்களுக்கு வேல குடுப்பாங்கனு பாக்குறேன்," என்றார் அமைதியாக. அவருடைய சொந்தக்காரர்களின் கடைகள் வரிசையாக இருந்தன. கண்ணாடிச் சட்டத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். இந்த ஊர் எனக்கு முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். டாக்டரம்மா மேலிடத்துக்கு எழுதிவிடுவாரோ என்ற பயம் வேறு.

பத்து நாள் கழித்து, பக்கத்து ஊரான தலவாக்கலையிலிருந்து ஓர் அம்மா போனில் பேசினார். பார்மசி வைத்திருக்கிறாராம். டாக்டரம்மாதான் என் எண்ணைக் கொடுத்தாராம். டாக்டரம்மா என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் சொன்னாங்க," என்றார் அவர். "நாளைக்கு வாங்க. ஆனா எங்க கடைக்குச் சேட்டிபிக்கட் மட்டும் வரக்கூடாது. நீங்களும் கூடவே நிக்கணும்."

போனை வைத்ததும் அவர் எண்ணைச் சேமித்துக்கொண்டேன். டாக்டரம்மாவின் எண்ணுக்கு அடுத்து, இந்தப் பக்கத்தில் எனக்கென்று இருந்த இரண்டாவது எண் அது.