எட்டில் செவ்வாய்க்கு ஒரு சரணம்

நேசமலர் ரீச்சருக்கு இரண்டு வேலை. காலையில் ஒட்டுசுட்டானுக்கு அப்பால் வாய்க்கால் கரை முன்பள்ளியில் குஞ்சு குருமன்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள். பின்னேரம் ஊர் உலகத்துக் கலியாணங்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுப்பாள். முதல் வேலைக்கு அவளைப் பிடித்து வைத்தது அரசாங்கம். இரண்டாவதுக்குப் பிடித்து வைத்தது கஜேந்தினி.

கஜேந்தினி கூடப் படிப்பிக்கிறவள். அவளுடைய அக்காவின் கலியாணத்துக்கு வழமைபோல ஒரு வாழ்த்துப்பா அச்சடித்துக் கண்ணாடி போட்டு வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் வாழ்த்துப்பா வாசிக்கும் நேரம் எது என்று எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டுப் பந்திக்கு முந்தின நேரம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிலவென்றும் கதிரென்றும் புகழ்ந்து ஒருவர் வாசித்துக்கொண்டிருப்பார், சபை முழுக்கக் குசினிக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும். "இது வேண்டாம் ரீச்சர், அக்காவை நாலு சொல்லு நக்கலடிச்சு ஒரு பாட்டு எழுதித் தாங்கோ, நான் பாடுறன்" என்று கஜேந்தினி கேட்டாள். நேசமலர் எழுதிக் கொடுத்தாள். சபை சிரித்தது, பிறகு மணப்பெண் அழுதாள், பிறகு சபையும் அழுதது. பந்தி கால் மணித்தியாலம் பிந்திப் போனது. அதை யாரோ ஃபோனில் எடுத்து அனுப்ப, கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் தங்கச்சிமாரும் அக்காமாரும் கூப்பிடத் தொடங்கினார்கள்.

கூப்பிடுகிறவளிடம் நேசமலர் மூன்று கேள்வி கேட்பாள். இரண்டு பேரும் எதற்குக் கூடுதலாகச் சண்டை பிடிப்பீர்கள்? வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த அவளுடைய குறை என்ன? ஒருத்தருக்கும் தெரியாமல் அவள் உனக்குச் செய்தது என்ன? பதிலை எழுதி அனுப்ப விடமாட்டாள், குரலில் பதிந்து அனுப்பச் சொல்லுவாள். காரணம் இருக்கிறது. மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது எந்த இடத்தில் குரல் உடைகிறதோ, மண்டபத்திலும் அந்த இடத்தில்தான் உடையும். அந்த வரி முடிந்த கையோடு சபை சேர்ந்து பாடுகிற பல்லவியை வைத்துவிடுவாள். சபை பாடி முடிக்க, பாடுகிறவள் மூக்கைச் சிந்திக்கொண்டு அடுத்த சரணத்துக்கு ஆயத்தமாகிவிடுவாள்.

மெட்டு எப்போதும் கோயிலில் கும்மியடிக்கிற நடைதான். சினிமா மெட்டில் எழுதினால் சனம் பழைய சொல்லைத்தான் மனதுக்குள் பாடும் என்பது அவளுடைய கட்சி. வரி நாலு தட்டுக்குள் முடியவேண்டும், பழகாத தொண்டைக்கு அதற்கு மேல் மூச்சு நிற்காது. கடைசிச் சொல் நெடிலில் முடிந்தால் இழுக்கலாம், சுருதி பிசகினாலும் தெரியாது. பெண்ணின் நிறம், உடம்பு, சீதனம், மாமியார் நான்கும் பாட்டுக்குள் வரக்கூடாது. பல்லவியில் 'போ' என்று தனியாகச் சொல்லவே கூடாது, 'போயிட்டு வா' என்றுதான் வரவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: மற்றவளை விழுத்துவதற்கு முன்னம் பாடுகிறவள் தானே விழவேண்டும். தன்னைப் பார்த்துச் சிரிக்க விட்டவளுக்குத்தான் மற்றவளைப் பார்த்துச் சிரிக்க உரிமை உண்டு.

இப்படி அறுபதுக்கு மேல் எழுதினவள்தான், சொந்தத் தங்கச்சி பிரியந்தினிக்கு எழுதவேண்டி வந்தபோது மூன்று கிழமை கொப்பியைத் திறக்கவில்லை.

விஷயம் இதுதான். நேசமலருக்கு முப்பத்தாறு வயது, கலியாணம் ஆகவில்லை. சாதகத்தில் எட்டாம் வீட்டில் செவ்வாய். அதே செவ்வாய் உள்ள மாப்பிள்ளைதான் பொருந்துவார் என்று சாத்திரிமார் சொல்ல, வந்த சாதகமெல்லாம் வந்த வழியே போயின. பத்து வயது இளையவளான பிரியந்தினி, அக்கா இருக்க நான் கட்டமாட்டன் என்று இரண்டு வருடம் பிடிவாதமாக நின்றாள். நேசமலர்தான் ஏசி, கெஞ்சி, ஓமந்தைக் கிருசாந்தனின் சாதகத்தை முன்நின்று பொருத்திப் பார்த்தாள். செய்தவளுக்குத்தான் தெரியும் அதன் நோவு. பொறாமை இல்லை. ஆனால் நோவு இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

அம்மா ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கதையைத் தொடங்கினார்.

"பிள்ளை, பாட்டை நீ எழுது. பாடுறதைக் கஜேந்தினியிட்டை விடு."

"ஏனம்மா?"

"மாப்பிள்ளை வீட்டு ஆக்கள் வருவினம். மூத்தவள் மேடையில ஏறி இளையவளை நக்கலடிச்சா, எரிச்சலில பாடுறாள் எண்டு கதைப்பினம். நாளைக்கு அவளுக்கு ஏதும் ஒண்டெண்டா உன்ர கண்ணூறு எண்டு சொல்லுவினம். உனக்கு இது தேவையே?"

அப்பா சிற்றம்பலம் வயலால் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். காதில் விழாத மாதிரி இன்னொரு வாளி தண்ணீரை ஊற்றினார். அவருக்கும் அதே பயம்தான்.

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது என்பதுதான் நேசமலரை இன்னும் கூடுதலாகச் சுட்டது. அன்றே எழுதி முடித்தாள். ஒருவரும் குறை சொல்ல முடியாத பாட்டு. தங்கச்சியின் சிரிப்பு, தங்கச்சியின் படிப்பு, ஊரின் வாழ்த்து எல்லாம் இருந்தன. கஜேந்தினி வீட்டுக்கு வந்து அதைப் பாடிப் பழக, பிரியந்தினி கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாள். பாட்டு முடியக் காலை இறக்கினாள்.

"இது ஆர் எழுதினது?"

"நான்தான்," என்றாள் நேசமலர்.

"இல்லை. கண்ணாடி போட்டுச் சுவரில கொழுவுற வாழ்த்துப்பா இது. இதுக்குள்ள நீ எங்க இருக்கிறாய் அக்கா? ஊரெல்லாம் சொல்லுவாய், முதல் பாடுறவள் விழவேணும் எண்டு. எனக்கெண்டு வரேக்க ஒளிச்சிட்டாய்."

"ஆக்கள் என்ன சொல்லுவினமோ எண்டுதான்..."

"ஆக்கள் சொல்லுறதை நீ முந்திச் சொல்லிப்போடு. பிறகு அவைக்குச் சொல்ல ஒண்டும் இராது. நீ பாடாட்டி எனக்கு ஒரு பாட்டும் வேண்டாம்."

சொல்லிவிட்டு நேசமலரின் புதுச் சட்டையையே போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். பாட்டின் முதல் சரணம் அந்த நேரம் தானாக வந்தது. இரண்டாவது சரணத்துக்கு மூன்று நாள் எடுத்தது. மூன்றாவதை எழுதிவிட்டு ஒருவருக்கும் காட்டவில்லை, தானும் வாய்விட்டுப் பாடிப் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு எழுதும்போது குரல் உடைகிற இடத்தைக் கேட்டு அறிந்தவள், தனக்குக் கேட்க ஆளில்லாமல், கடைசி வரியில்தான் உடையும் என்று கணக்குப் போட்டுப் பல்லவியை அதற்குப் பிறகு வைத்தாள்.

கலியாணத்தன்று தாலி கட்டி, ஆராத்தி எடுத்து முடிய, கீபோட் வாசிக்கும் யதுர்ஷன் நடையைத் தொடங்கினார். அவர் கஜேந்தினியின் பேரைச் சொல்லிக் கூப்பிட, நேசமலர் எழும்பி மைக்கை வாங்கினாள். அம்மாவின் முகம் இருண்டதைப் பார்த்தாள். பார்த்தும் பாடினாள்.

*போயிட்டு வா தங்கச்சி போயிட்டு வா – எங்கள்*
*பொன்னான தங்கச்சி போயிட்டு வா*

சபைக்குப் பல்லவி உடனே பிடித்துக்கொண்டது. இரண்டாம் முறை எல்லோரும் கைதட்டிப் பாடினார்கள்.

*அடுக்கடுக்காய்ச் சட்டை உனக்கிருக்கும் – ஆனால்*
*உடுத்தினது என்ரை சட்டையடி*
*இடுக்கண் தீர்ந்தது இண்டையோடே – என்ரை*
*அலுமாரிக்கும் வந்தது விடுதலையே*

பெண் பிள்ளைகள் பக்கத்தில் நல்ல சிரிப்பு. அக்கா தங்கச்சி உள்ள வீடெல்லாம் இந்தச் சண்டை நடக்கிற வீடுதான். பல்லவி முடிந்தது. நேசமலர் ஒரு மூச்சு எடுத்தாள்.

*எட்டிலே செவ்வாய் எனக்கெண்டு சொல்லி*
*எத்தனை சாதகம் திரும்பிப் போச்சு*

சிரிப்பு நின்றது. கைதட்டும் நின்றது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஒருவரும் வாயால் சொல்லாத விஷயம், மைக்கில் வந்துவிட்டது. மாப்பிள்ளை பக்கத்தில் இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அம்மா சீலைத் தலைப்பை வாயில் வைத்தார். கீபோட் மட்டும் நடந்துகொண்டிருந்தது. விட்டுவிட்டு இறங்கிவிடலாமா என்று நேசமலருக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் பாதியில் விட்டால் அது அழுகையாகத்தான் நிற்கும், சிரிப்பு அடுத்த வரியில்தான் இருக்கிறது.

*எட்டு மணிக்கும் நீ எழும்பமாட்டாய் – உன்னை*
*எப்பிடித் தானடி கட்டினாரோ*

முதலில் சிரித்தது மணப்பெண். மாலையும் கழுத்துமாய் இருக்கிற பெண் அடக்கமாய் இருக்கவேண்டும் என்று அத்தனை பேர் சொல்லியும், வாயைத் திறந்து, நெற்றிப்பட்டம் ஆட ஆடச் சிரித்தாள். கிருசாந்தன் இரண்டு கையையும் தலையில் வைத்தார். அவருடைய அம்மா முன்வரிசையிலிருந்து சத்தமாய்ச் சொன்னார்: "பயப்பிடாதையுங்கோ பிள்ளை, நானும் எட்டு மணிக்குத்தான் எழும்புறனான்." அதோடு மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. பல்லவியைச் சபை கேட்காமலே பாடியது.

நேசமலருக்குத் துணிவு வந்தது. அந்தத் துணிவில் மூன்றாவதைத் தொடங்கினாள்.

*பங்கருக்குள்ளே பயந்திருந்தாய் – உன்ரை*
*பிஞ்சுக் காதை நான் பொத்தி வைச்சன்*

அங்கேயே உடைந்தது. இரண்டு வரி முந்தி. யுத்தத்தில் ஷெல்லுக்குப் பயந்து பதுங்குகுழிக்குள் இருந்தபோது அவளுக்கு இருபத்தொன்று, தங்கச்சிக்குப் பதினொன்று. சத்தம் கேளாமல் இருக்க அழுத்திப் பொத்தினதில் பிள்ளையின் காது சிவந்து போயிருந்தது. அந்தச் சிவப்பு இப்போது கண்ணுக்குள் வந்து நிற்க, அடுத்த சொல் வரவில்லை. சாய்ந்துகொள்ளப் பல்லவி பக்கத்தில் இல்லை. யதுர்ஷன் நடையை ஒரு சுற்று வாசித்தார். இன்னொரு சுற்றும் வாசித்தார். சபையில் பாதிப் பேர் அதே மாதிரிப் பங்கர்களுக்குள் இருந்தவர்கள்தான்.

பிரியந்தினி மணவறையை விட்டு எழும்பினாள். கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையின் ஓரத்துக்கு வந்தாள். மருதோன்றி போட்ட இரண்டு கையாலும் அக்காவின் காதைப் பொத்தினாள்.

"பாடக்கா," என்றாள். "ஆக்கள் என்ன சொன்னாலும் இனி உனக்குக் கேளாது."

நேசமலர் பாடினாள். காது பொத்தியிருந்ததால் கீபோட் கேட்கவில்லை, சுருதியும் இல்லை, தாளமும் இல்லை.

*அண்டைக்குப் பொத்தின கையிரண்டும் – உனக்கு*
*இண்டைக்குத் தாளம் போடுதடி*

ஆனால் தாளம் போட முடியாமல் அவளுடைய கை இரண்டும் மைக்கைப் பிடித்திருந்தன. முன்வரிசையில் அம்மா எழும்பி நின்று, எல்லோருக்கும் முதல், அவளுக்காகக் கைதட்டத் தொடங்கினார்.