பேனாவைக் கீழே வைத்த மத்தியானம்

கார் விற்பனை நிலையத்தின் நிதிப்பிரிவு மேலாளர் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் பெயரும் பிறந்த தேதியும் விலாசமும் இருந்தன. அவற்றுக்குக் கீழே ஒன்றுமில்லை. "உங்களைப் பற்றி எந்தத் தகவலும் கிடைக்கவில்லை" என்றார். திட்டுகிற தொனி இல்லை, வருத்தமும் இல்லை. தினமும் பத்துப் பேரிடம் சொல்லிப் பழகிய குரல்.

எனக்குத்தான் முகம் சுட்டது. இதுவரை யாரிடமும் ஒரு ரூபாய் கடன் வைத்ததில்லை. திண்டுக்கல்லில் பள்ளிக் கட்டணம் முதல் கல்யாணச் செலவு வரை எங்கள் வீட்டில் எல்லாமே சேர்த்து வைத்துச் செய்ததுதான். கனடாவுக்கு வந்த முதல் வாரம் வங்கிக் கணக்கு தொடங்கியபோது, புதிதாக வந்தவர்களுக்கென்று ஒரு கிரெடிட் கார்டைத் தாங்களாகவே நீட்டினார்கள். கணவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, வேண்டாம் என்று நல்ல பிள்ளைகளாகத் திருப்பிக் கொடுத்தோம். கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டியவர்களைத்தான் இந்த ஊருக்குத் தெரியும் என்பது ஏழு மாதம் கழித்து அந்த நாற்காலியில்தான் புரிந்தது.

கார் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் உணவுத் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. அந்தப் பக்கம் பேருந்து கிடையாது. மூன்று மாதமாக உடன் வேலை செய்யும் ஒரு பெண்மணி தன் காரில் அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். அடுத்த மாதம் முதல் அவருக்கு இரவு முறை. அதற்குள் கார் இல்லையென்றால் வேலையை விட வேண்டியதுதான். கணவர் கிடங்கில் ஏஜென்சி மூலம் வேலை செய்தார். இந்த வாரம் நான்கு நாள் இருக்கும், அடுத்த வாரம் இரண்டே நாள் இருக்கும். மூன்று வயது மகளின் காப்பகக் கட்டணம் என் சம்பளத்தில்தான் நின்றது.

மேலாளர் மூன்று வழி சொன்னார். கடன் வரலாறு இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் நிதி நிறுவனம் ஒன்று உண்டு, வட்டி பத்தொன்பது சதவீதம். அல்லது நல்ல கடன் வரலாறு உள்ள ஒருவர் கூடக் கையெழுத்துப் போட்டால் வட்டி பாதிக்கும் கீழே இறங்கும். இல்லையென்றால் கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு பழைய வண்டி. எங்களிடம் எட்டாயிரம் டாலர் இருந்தது. அந்த விலையில் வாசலில் நின்ற வண்டிகளின் அடிப்பக்கம் பனிக்காலத்து உப்பில் துருப்பிடித்திருந்தது. மகளை அதில் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் போக எனக்கு மனமில்லை.

நாங்கள் பார்த்து வைத்தது நான்கு வருடம் ஓடிய ஒரு சிறிய கார். ஐயாயிரம் முன்பணம் போக பதினைந்தாயிரம் கடன் வேண்டும். பத்தொன்பது சதவீதத்தில் ஐந்து வருடம் கட்டினால் வட்டி மட்டும் எட்டாயிரத்தைத் தாண்டும். வீட்டுக்கு வந்து மூன்று முறை கணக்குப் போட்டேன். மூன்று முறையும் அதேதான் வந்தது.

அப்பாவுக்கு வீடியோவில் பேசினேன். அப்பா சாணார்பட்டிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"இதுக்கா இம்புட்டு யோசிக்கிற? ஜாமீன் கையெழுத்துதானம்மா. கூட்டுறவுச் சங்கத்துல நான் எத்தனை பேருக்குப் போட்டிருக்கேன். அந்த ஒட்டன்சத்திரத்துத் தம்பி அங்கதானே இருக்காரு, கேளு."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "போட்டீங்கள்ல. அந்த டிராயிங் வாத்தியாருக்குப் போட்டீங்க, ரெண்டு வருசம் உங்க சம்பளத்துல பிடிச்சாங்க. அதையும் சொல்லுங்க பிள்ளைகிட்ட."

"அது வேற விசயம், நீ போய் அடுப்புல வெஞ்சனத்தப் பாரு."

"வேற விசயமாம். எனக்கு வளையல் போனது மட்டும் இன்னும் ஞாபகத்துல இருக்கு."

அப்பா சிரித்துச் சமாளித்தார். நானும் சிரித்தேன். அம்மா சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டேன், ஆனால் மனசில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒட்டன்சத்திரத்து அண்ணன் எங்களுக்குச் சொந்தம் இல்லை. பத்து வருடமாக இங்கே இருக்கிறார். நாங்கள் வந்து இறங்கியபோது விமான நிலையத்துக்கு வந்து, தன் வீட்டு மெத்தையைத் தூக்கிக் கொடுத்தவர். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பாடு. அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா எனக்கு இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது, பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டேன்.

அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அதுக்கென்னங்க அம்மிணி, போட்டுட்டாப் போச்சுங்க. ஊர்க்காரங்க கேட்டு இல்லைன்னு சொல்றதுங்களா?"

அக்கா குழம்புக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். "இன்னுங் கொஞ்சம் சோறு வெக்கட்டுங்களா?" என்றார். நான் போதும் என்றேன். அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. ஆவணிக்குள் புது வீட்டுக்குப் போய்விட வேண்டும், சமையலறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று சாப்பிடும் முன்பு அவ்வளவு நேரம் பேசியவர்.

வீடு திரும்பியதும் கணவரிடம், "அக்கா ஏன் ஒரு மாதிரி ஆயிட்டாங்க?" என்றேன். "உனக்கு எல்லாருமே ஒரு மாதிரிதான். தூங்கு" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் எங்களோடு விற்பனை நிலையத்துக்கு வந்தார். மேலாளர் விண்ணப்பத்தை நீட்டினார். நான் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுபவள் இல்லை. என் கணவருக்கு அதில் தனிக் கோபமே உண்டு. இரண்டாம் பக்கத்தில் அண்ணனின் பெயருக்குப் பக்கத்தில் சாட்சி என்றோ ஜாமீன் என்றோ இல்லை. இணைக் கடனாளி என்று இருந்தது.

"நாங்கள் ஒழுங்காகக் கட்டினாலும் இவருக்கு ஏதாவது உண்டா?" என்று மேலாளரிடம் கேட்டேன்.

அவர் சாதாரணமாகச் சொன்னார். முழுக் கடனும் இவருடைய கடன் அறிக்கையிலும் ஏறும். நாங்கள் கட்டாவிட்டால் இவரிடம் கேட்பார்கள் என்பது மட்டும் இல்லை. நாங்கள் கட்டிக்கொண்டே இருந்தாலும், இவர் வேறு கடன் கேட்கும்போது இந்த மாதத் தவணையை இவருடைய செலவாகவே கணக்கில் எடுப்பார்கள்.

அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு விளங்கியது. ஆவணியில் புது வீடு. வீட்டுக் கடன் இன்னும் கைக்கு வந்திருக்காது. பத்து வருடம் இங்கே இருப்பவருக்கு இது தெரியாதா? தெரிந்துதான் வந்திருந்தார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு நான் கேட்ட விதத்தில், இல்லை என்று சொல்ல அவருக்கு நான் இடமே வைக்கவில்லை.

பேனாவைக் கீழே வைத்தேன். "அண்ணே, உங்க வீட்டுக் கடன் முடிஞ்சிருச்சா?"

"அதெல்லாம் பாத்துக்கலாமுங்க. நீங்க போடுங்க."

"முடிஞ்சிருச்சான்னு கேட்டேன்ணே."

அவர் கைப்பேசியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "அடுத்த மாசந்தானுங்க முடிவாகும். அவ ஒண்ணுஞ் சொல்லலீங்க. நானா வந்தனுங்க."

ஒன்றும் சொல்லாத அக்காவின் முகம்தான் எனக்குத் தெரிந்தது. எழுந்துவிட்டேன். மேலாளர் தாளைத் திரும்ப எடுத்து வைத்தார். வாகன நிறுத்தத்தில் கணவர் மெதுவாகக் கேட்டார், "இப்ப என்ன பண்றது? இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு." செய்தது சரிதானா என்று வீடு வரை யோசித்தேன். அண்ணனே மனமொப்பி வந்தபோது நான் எதற்குப் பெரிய மனுசியாக நடந்துகொண்டேன் என்று ஒரு மனம், அக்காவின் சமையலறை என்று இன்னொரு மனம்.

தன் காரிலிருந்து எங்களை வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது அண்ணன் சொன்னார். "உங்க சம்பளம் வர்ற பேங்குல நேரா போய்க் கேட்டுப் பாருங்க அம்மிணி. நாங்க வந்தப்ப இதெல்லாம் இல்லீங்க. இப்பப் புதுசா வர்றவங்களுக்குன்னு ஏதோ வெச்சிருக்காங்கன்னு கேள்விப்பட்டனுங்க." கூட்டத்திலிருந்து வெளியே வந்தவரைப் போல முகம் லேசாகியிருந்தது.

திங்கட்கிழமை உணவு இடைவேளையில் வங்கிக்குத் தொலைபேசியில் பேசி, மாலை நேரில் போனேன். அங்கிருந்த அலுவலர் பெண் என் வயதுதான் இருப்பாள். நாட்டுக்குள் வந்து சில வருடங்களுக்குள் இருப்பவர்களுக்குத் தனிக் கார்க் கடன் திட்டம் இருக்கிறது, அதற்குக் கடன் வரலாறு கேட்பதில்லை என்றாள். நிரந்தரக் குடியிருப்பு அட்டை, நிரந்தர முழுநேர வேலை என்று எழுதிய கடிதம், சம்பளச் சீட்டுகள், முன்பணம். தனியாரிடம் வாங்கக் கூடாது, விற்பனை நிலையத்தில்தான் வாங்க வேண்டும், வண்டி மிகப் பழையதாக இருக்கக் கூடாது.

"அப்படியானால் அந்த நிலையத்தில் ஏன் சொல்லவில்லை?"

"விண்ணப்பம் அவர்கள் வழியாகத்தான் எங்களுக்கு வரும். சாதாரண விண்ணப்பமாக அனுப்பியிருப்பார்கள். புதிதாக வந்தவர்களுக்கான திட்டம் என்று நீங்கள் கேட்டு அனுப்பச் சொல்லுங்கள்."

கேட்டால்தான் கிடைக்கும் என்ற இந்த ஊர் வழக்கத்துக்கு நான் இன்னும் பழகவில்லை. கேட்கக் கூடாத இடத்தில் கேட்டேன், கேட்க வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது அவள் பழைய கிரெடிட் கார்டு பேச்சை எடுத்தாள். இந்த முறை வாங்கிக்கொண்டேன். மாதாமாதம் மளிகைக்கு மட்டும் தேய்த்து, பில் வந்ததும் முழுவதையும் கட்டிவிட்டால் போதும் என்று சொன்னாள். அந்த வார்த்தைகளை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் மேலாளரிடம் திட்டத்தின் பெயரைச் சொன்னபோது அவர் புருவத்தை உயர்த்தினார். "நிரந்தரக் குடியிருப்பு அட்டை இருக்கிறதா? நீங்கள் சொல்லவே இல்லையே." உண்மைதான். அவரும் கேட்கவில்லை. காகிதங்களை வாங்கி அனுப்பினார். வங்கியிலிருந்து என் தொழிற்சாலைக்குப் போன் செய்து வேலையை உறுதிப்படுத்தினார்கள். இரண்டு நாள் நான் சோதனைக் குழாய்களுக்கு முன்னால் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை ஒப்புதல் வந்தது: ஒன்பது சதவீதம், ஐந்து வருடம், கையில் பணம் வந்தால் அபராதம் இல்லாமல் முன்கூட்டியே அடைக்கலாம். மொத்த வட்டி நாலாயிரத்துக்குள் அடங்கியது. கூடுதல் உத்தரவாதம், துருத் தடுப்பு என்று மேலாளர் இன்னும் சிலவற்றை நீட்டினார். வேண்டாம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொன்னேன்.

காப்பீடு மட்டும் நாங்கள் நினைத்ததைவிட அதிகம். கடன் இருக்கும்வரை வண்டிக்கு முழுக் காப்பீடு கட்டாயம், புதிதாக வந்த ஓட்டுநர் என்பதால் விலையும் கூடுதல். கணவர் வாரக் கடைசியில் ஒரு வேலை சேர்த்துப் பார்க்கிறேன் என்றார். அது இல்லாமலே சமாளிக்க முடியுமா என்று நான் இன்னும் கணக்குப் பார்க்கிறேன்.

வண்டி எடுக்கும் நாளை அம்மாவிடம் சொன்னேன். "ராகு காலம் இல்லாமப் பாத்து எடு" என்றார்.

"எந்த ஊர் மணிக்கும்மா? அங்க மணிக்கா, இங்க மணிக்கா?"

"ரெண்டுக்கும் பாத்துக்க" என்றார்.

அக்காவுக்கு நானே போன் செய்தேன். கார் கிடைத்ததைச் சொல்லி, அன்றைக்கு அப்படிக் கேட்டது தப்பு அக்கா என்றேன். "அட, அதுக்கென்னங்க" என்று அவர் அண்ணனைப் போலவே ஆரம்பித்து, நடுவில் நிறுத்தினார். பிறகு மெதுவாக, "சொல்லாமயே புரிஞ்சுக்கிட்டீங்க. அது போதுங்க" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை மகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு நெடுஞ்சாலையில் வலது ஓரமாகவே ஓட்டிக்கொண்டு போனேன். லாரிகள் என்னைக் கடந்து போயின. தொழிற்சாலைக்கு இருபது நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டேன். வண்டியை நிறுத்தி, கோட்டுக்குள் நிற்கிறதா என்று இறங்கிப் பார்த்தேன். நின்றது. உள்ளே போய்க் கையுறையை மாட்டிக்கொண்டு அன்றைய முதல் மாதிரியை எடுத்தேன்.