நான்காவது அட்டை

நாற்காலி துடைப்பது நூலகத்தில் யாருடைய வேலை என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. அதனாலேயே அது சுவாங் பி-யுன்னின் வேலையாகிவிட்டது. சனிக்கிழமை காலை, மாடி வாசிப்பறையில் இருபத்து நான்கு நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டுவிட்டு, ஈரத்துணியும் வாளியுமாக ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தாள். முட்டி வலித்தது. வெளியே முந்தாநாள் பிடித்த மழை இன்னும் விடவில்லை.

ஐம்பத்தொரு வயது. நகராட்சி நூலகத்தில் இருபத்து மூன்று வருஷமாக ஒப்பந்த ஊழியர். புத்தகம் அடுக்குவது, ஒட்டுவது எல்லாம் போக, ஊரில் அவளுக்கு இன்னொரு பெயர் உண்டு: மைக் அக்கா. கோயில் விருந்து, பள்ளி விழா, முதியோர் சங்கம், சில சமயம் சாவு வீட்டு வழிபாடு வரை மேடையேறுபவரை அறிமுகம் செய்ய அவளைத்தான் கூப்பிடுவார்கள். குரல் பெரிதாக நன்றாயிருக்கும் என்றில்லை. எதைச் சொல்லாமல் விடவேண்டும் என்று தெரிந்தவள் என்று ஊரில் ஒரு பேர். லாரி ஓட்டும் கணவன் மட்டும், "வீட்டுல மட்டும் ஏன் எதையும் சொல்லாம விடமாட்டேங்கற?" என்பான்.

எந்த அறிமுகத்தையும் அவள் அட்டைகளில்தான் எழுதுவாள். அட்டைக்கு ஒரு நிமிஷம், அதற்கு மேல் இல்லை. இன்றைக்கு ஐந்து அட்டை. முதலாவது, பேச்சு எதைப் பற்றி. இரண்டாவது, பேசுகிறவர் பிறந்து வளர்ந்தது. மூன்றாவது, பார்த்த வேலை, வாங்கிய கேடயம். ஐந்தாவது, கூட்டத்தை அவர் பக்கம் திருப்பிவிட்டு, கடைசியில் அவர் பெயர். நான்காவதை அவளாக எழுதவில்லை. பேசப்போகும் தெங் ஜின்-ஷுன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது.

தெங்குக்கு எழுபத்தாறு. நீர்ப்பாசன அலுவலகத்தில் மதகு நிலையத்துத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் அவள் வீட்டுக்கே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டு சொன்னார்.

"முப்பத்தோரு வருஷம் முன்னால புயல்ல நம்ம மதகு ஆளு கே போய்ச் சேர்ந்தானே, ஞாபகம் இருக்கா? மதகைத் திறக்கப் போய். மீன் பிடிக்கப் போனான்னு ஊரே பேசிச்சு. உத்தரவில்லாமப் போனான்னு அறிக்கையில எழுதி நான்தான் கையெழுத்துப் போட்டேன். உத்தரவு போட்டதும் நான்தான்மா. போன்ல சொன்னேன், போய்த் திறடான்னு."

"அதை நீங்களே பேச்சுல சொல்லலாமே ஐயா."

"ஆரம்பிக்க வரமாட்டேங்குது. கண்ணாடி முன்னால நின்னு நாப்பது தடவை பாத்துட்டேன். நீ அறிமுகத்துல சொல்லிடு. அப்புறம் நான் பேசிடுவேன். நம்ம ஊர்க்காரங்க இருபது பேரு கேட்டாப் போதும். அண்ணியையும் கூப்பிட்டிருக்கேன்."

அண்ணி என்றது கேயின் விதவையை. எழுபது தாண்டிய சியென் அம்மாள். மீன்காரன் மகன் என்று பள்ளிக்கூடத்தில் கேலி கேட்டே வளர்ந்த அவள் பையன் இப்போது வடக்கே எங்கோ வேலையில் இருக்கிறான், ஊர்ப்பக்கம் வருவதில்லை.

ஒன்றரை மணிக்கே ஊர்க்காரர்கள் குடையோடு வர ஆரம்பித்தார்கள். பத்தொன்பது பேர். சியென் அம்மாள் சாம்பல் நிற அரைக்கோட்டு போட்டு, தலையை நன்றாக வாரி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பி-யுன் தேநீர் கொடுத்தபோது, "பெருசா எழுதிவச்சிருக்கியா?" என்றாள்.

"அளவா இருக்கு அத்தை."

"அளவுன்னா எவ்வளவு? அதையும் சொல்றியாமே. ஜின்-ஷுன் போன்ல சொன்னான்."

"சொல்றேன் அத்தை."

அந்த நேரம் பார்த்து நூலகத் தலைவர் ஷென் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார். முப்பத்தைந்து வயது. எப்போதும் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிற முகம்.

"அக்கா, எல்லாரையும் கீழ ஹாலுக்கு இறக்குங்க. பக்கத்து நகராட்சி முதியோர் சங்கம், மூணு பஸ்ஸு. தோட்டம் பாக்க வந்தாங்க, மழையில முடியல. நகராட்சியிலேர்ந்து போன், இங்கே உட்கார வைக்கச் சொல்லி."

"எத்தனை பேரு?"

"நூத்து முப்பதோ நாப்பதோ. கூடவே நகராட்சி மன்ற உறுப்பினரும் வர்றாரு."

"தெங் ஐயாவோட பேச்சு?"

"அதையேதான் கேக்கப்போறாங்க. ஒண்ணு, மூணே முக்காலுக்குப் பஸ் கிளம்பணும்."

பத்தொன்பது பேரும் குடையும் தேநீர்க் கோப்பையுமாகக் கீழே இறங்கினார்கள். அதற்குள் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வந்த கூட்டம் முன்வரிசையைப் பிடித்துவிட்டது. நம் ஊர்க்காரர்களுக்குக் கிடைத்தது கடைசி வரிசையும் தூண் ஓரமும். சியென் அம்மாளைத் தூணுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மேடை பாதிதான் தெரியும்.

இரண்டு மணிக்குத் தொடங்கவேண்டியது. உறுப்பினர் இரண்டு இருபதுக்கு வந்தார். வந்தவர் பெயரையும் கூட வந்த ஆறு பேரின் பதவிகளையும் பி-யுன் ஒன்றுவிடாமல் சொல்லவேண்டியிருந்தது. ஒருவரை விட்டாலும் மறுநாள் ஷென்னுக்குப் போன் வரும். உறுப்பினர் மைக்கைப் பிடித்தார். முன்வரிசைக்காரர்களின் பேத்தி முதற்கொண்டு விசாரித்துவிட்டு, நாற்பது நிமிஷம் கழித்துத்தான் விட்டார். மூன்று மணி. ஒன்றே முக்கால் மணி நேரப் பேச்சுக்கு மிஞ்சியது முக்கால் மணி.

மேடை ஓரத்தில் நின்றபடி பி-யுன் அட்டைகளைப் பிரித்தாள். இந்த வேலையில் புதியவர்கள் செய்வது, ஐந்து அட்டையையும் வேகவேகமாகப் படித்துத் தள்ளுவது. கூட்டம் பெரிதானால் பேச்சு இன்னும் மெதுவாக வேண்டும். ஹாலின் எதிரொலி அடங்கி அடுத்த வாக்கியம் வரவேண்டும். அதனால் நேரம் பாதியானால் வேகத்தைக் கூட்டக்கூடாது, அட்டையைத்தான் குறைக்கவேண்டும். இரண்டாவதைக் கீழே வைத்தாள். பிறந்த வீதி இவர்களுக்கு எதற்கு? மூன்றாவதையும் வைத்தாள். முதலாவதில் 'நம்ம பழைய பாலத்தைத் தாண்டி' என்றிருந்ததை அடித்தாள். அந்தப் பாலம் இவர்களில் யாருக்கும் தெரியாது. அதற்குப் பதில், ஒரு மதகுக் கதவு இரண்டு எருமை எடை, அதைக் கையால் சுற்றித் தூக்கவேண்டும் என்று எழுதினாள். தண்ணீர் பார்த்து வளர்ந்த கிழவர்கள், எருமை என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நான்காவது அட்டை கையில் நின்றது.

ஒரே வாக்கியமாகச் சுருக்கலாம். ஆனால் யாரிடம் சொல்வது? எதிரே ஒருத்தர் கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் கண்ணை மூடியிருந்தார்கள். செத்துப்போன ஒரு மனிதனின் பேரில் இருந்த அவமானத்தை அவனைத் தெரியாத நூற்று நாற்பது பேரின் நடுவில் ஒலிபெருக்கியில் போட்டால், ஐயோ பாவம் என்று ஒரு சத்தம் எழும், அதோடு போகும். தெங்கும் அந்தச் சத்தத்தின் மேல் ஏறி நின்று பேசவேண்டும். அவரே பேச்சின் நடுவில் தன் வாயால் சொல்லட்டும். அதுதான் சரி என்று பட்டது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று பார்த்தாள். உறுப்பினர் அவர் தோளில் கை போட்டுப் புகைப்படத்துக்கு நின்றுகொண்டிருந்தார். ஷென் தூரத்திலிருந்து கடிகாரத்தைக் காட்டினார்.

நான்காவதையும் கீழே வைத்தாள்.

ஒன்றேகால் நிமிஷம் பேசினாள். எருமை வந்ததும் கோழிக்கால் நின்றது, தூங்கியவர் விழித்தார். "நாப்பது வருஷம் நம்ம வயலுக்குத் தண்ணி விட்டவரு, தெங் ஜின்-ஷுன்" என்று பெயரைக் கடைசியில் வைத்து முடித்தபோது கைதட்டல் ஹால் முழுக்க எழுந்தது. இந்த வருஷம் அவள் செய்ததிலேயே கச்சிதமானது அதுதான் என்று ஷென் பிற்பாடு சொன்னார்.

தெங் மைக்கின் முன்னால் வந்து நின்றார். கையில் இருந்த தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். கூட்டம் காத்திருந்தது. பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு, மதகுக் கதவில் எண்ணெய் போடுவது எப்படி என்று சொல்ல ஆரம்பித்தார். நன்றாகத்தான் சொன்னார். இரண்டு இடத்தில் சிரிக்கவும் வைத்தார். புயல் பக்கம் அவர் போகவே இல்லை. மூன்றே முக்காலுக்குப் பஸ்கள் ஹாரன் அடித்தன.

கூட்டம் வடிந்தது. பொட்டலக் காகிதம் தரையெங்கும் கிடந்தது. உள்ளூர்க்காரர்களும் மழைக்குப் பயந்து கிளம்பிவிட்டார்கள். தெங் மேடைப் படியில் உட்கார்ந்திருந்தார். பி-யுன் அருகில் போனபோது மடித்த தாளை நீட்டினார். பெரிய எழுத்தில் முதல் வரி: *பி-யுன் இப்போது சொன்னது உண்மை.*

அதற்குக் கீழேதான் எல்லாம் இருந்தது. அடுத்த வரி, அதற்கடுத்த வரி, இரண்டு பக்கம்.

"நீ சொல்லாட்டி நான் எங்கேருந்து தொடங்கறது?" என்றார். கோபமில்லை. ரொம்பக் களைத்திருந்தார்.

இருபத்து மூன்று வருஷத்தில் எத்தனையோ அட்டையைக் கீழே வைத்திருக்கிறாள். எதை வைத்தேன் என்று பேசப்போகிறவரிடம் சொல்லாமல் ஒருநாளும் மேடையேறியதில்லை. இன்றைக்குப் புகைப்படம் எடுக்கிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

தூணுக்குப் பின்னாலிருந்து சியென் அம்மாள் எழுந்து வந்தாள். "முடிஞ்சுதா?" என்றாள்.

"அத்தை, நேரமில்லாமப் போச்சு. நான்தான் விட்டுட்டேன். அவர் மேல தப்பில்லை." பி-யுன் அட்டையை எடுத்தாள். "இப்பப் படிக்கட்டுமா?"

"படி."

ஒருவருக்கென்று அந்த அட்டையைப் படிப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. மைக் இல்லாமல், நின்றபடி படிக்க முடியாமல், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, படிப்பதை விட்டுவிட்டுச் சொன்னாள். "அன்னிக்கு மதகைத் திறக்கச் சொல்லி உத்தரவு போட்டவரு தெங் ஐயா. மாமா மீன் பிடிக்கப் போகலை. வேலைக்குப் போனாரு. அறிக்கை பொய்."

"எனக்கே தெரியும்டி அது," என்றாள் சியென் அம்மாள். "முப்பத்தோரு வருஷமாத் தெரியும். வேலைக்குப் போறேன்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தானே போனாரு. எனக்குத் தெரியறதுக்கா தலைய வாரிக்கிட்டு வந்தேன்? அந்த எண்ணெய்க் கடைக்காரன் கேக்கணும், பள்ளிக்கூட வாத்தியாரு கேக்கணும். எல்லாம் வந்திருந்தானுங்க. போயிட்டானுங்க."

தெங் எழுந்தார். "அண்ணி, அடுத்த மாசம் நம்ம ஊர்க்காரங்க மட்டும். மாடியில. நானே தொடங்கிடறேன், பி-யுன் கூட வேணாம். வருவீங்களா அண்ணி?"

சியென் அம்மாள் குடையை எடுத்தாள். ஒருமுறை உதறினாள். அரைக்கோட்டின் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு, காகிதங்களை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து கதவைத் திறந்து வெளியே போனாள்.