கட்டைவிரல் பள்ளம்

சமையலறை சிங்க்கின் ஓரம் கசிய ஆரம்பித்ததும், பெங்களூரு அடுகோடியில் உள்ள ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய், விரிசலை அடைக்க எபாக்ஸி பசை கேட்டேன். கடைக்காரர் தலையை ஆட்டினார்.

“அது காஞ்சா கல்லு மாதிரி ஆயிடும்க்கா, சிங்க் ஆடுனா விட்டுடும். சிலிக்கான் பசைதான் ரப்பர் மாதிரி வளைஞ்சு குடுக்கும். ஆனா பழசு மேல புதுசு ஒட்டாது. முழுசா சுரண்டி, துடைச்சு, ஈரமில்லாம போடுங்க. ஒரு நாள் தண்ணி படக்கூடாது.”

வீட்டுக்கு வந்து பிளேடால் சுரண்டினேன். குழாய்க்குப் பின்னால் வந்ததும் கை நின்றது. அங்கே என் கணவரின் கட்டைவிரல் பதிந்த பள்ளம், ரேகையோடு இருந்தது. முன்பு இந்தச் சிலிக்கானைப் பூசிய அரை மணி நேரத்திலேயே, காய்ந்துவிட்டதா என்று அழுத்திப் பார்த்த மனிதர் அவர். “ஒரு நாள் பொறுக்க மாட்டீங்களா?” என்று கத்தினேன். அடுத்த மாதம் இறந்துபோனார்.

அந்த ஓர் அங்குலத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்ற இடமெல்லாம் புதிதாகப் பூசினேன். ஒரு நாள் முழுக்கக் குழாயைத் தொடவில்லை.

இப்போது அந்த ஓர் அங்குலத்தில்தான் தண்ணீர் இறங்குகிறது. அடியில் கிண்ணம் வைத்திருக்கிறேன். சொட்டும் சத்தம் கேட்டால், காய்ந்ததா என்று அவர் இன்னும் அழுத்திப் பார்ப்பது போலிருக்கிறது. பழக்கத்தில் வாய்விட்டுத் திட்டியும் விடுகிறேன்.