பாண்டிச்சேரி விழுந்த ஆண்டு

ஜம்புலிங்கம் வாத்தியாருக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. ஆவடிப் பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான வரலாற்று வினாத்தாளை அவர்தான் தயாரிப்பார். போன ஆண்டு விடைக்குறிப்பில் ஒரு தவறு அச்சேறிவிட்டது. இன்னொன்று வந்தால் அந்தப் பொறுப்பே போய்விடும்.

எனவே இம்முறை குறிப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வினாத்தாளை மட்டும் தாட்சாயிணி டீச்சரிடம் கொடுத்து விடைகளை எழுதச் சொன்னார். எழுதி முடிக்கும்வரை அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"உக்காருங்க சார், எனக்குத் தலை சுத்துது."

ஒப்பிட்டபோது ஒன்று மட்டும் இடித்தது. ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைக் கைப்பற்றிய ஆண்டு அவர் குறிப்பில் 1761. டீச்சர் எழுதியது 1793.

"இன்னாம்மா இது? சின்னப் பையன்கூட சொல்வானே!"

"தொண்ணூத்தி மூணுலயும் புடிச்சாங்களே சார். நடுவுல எழுபத்தெட்டுலயும். கேள்விக்குக் கீழ குடுத்த நாலு விடையில இந்த மூணையும் நீங்களே போட்டு வெச்சிகினு என்னைத் திட்டுறீங்க."

வாத்தியார் புத்தகத்தைப் புரட்டினார். டீச்சர் சொன்னது சரி. அவர் குறிப்பும் சரி. கேள்விதான் தவறு. 1761 மட்டுமே பொருந்தும்படி 'ஏழாண்டுப் போரின்போது' என்று முன்னால் சேர்த்தார். மனம் அப்போதும் அடங்கவில்லை.

"இன்னொரு தடவை முழுசா எழுதிடுறியாம்மா?"

"நானா? எனக்குத்தான் உங்க விடையெல்லாம் தெரிஞ்சுபோச்சே. வேற ஆளைப் புடிங்க."

அவர் வினாத்தாளோடு இன்னொரு வரலாற்று ஆசிரியரான திருவேங்கடத்தைத் தேடி ஓடினார்.