மாக்கிறேற் எழுதிய மிச்சங்கள்

மாக்கிறேற்றைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னால் எனக்குக் கை கூசும். அவ்வளவு எரிச்சல். அவள் அனலைதீவு மருத்துவிச்சி, நான் புளியங்கூடல் மருத்துவிச்சி. ஒரே வருடம் பயிற்சி முடித்தவர்கள். எழுபத்திரண்டாம் ஆண்டில் எங்கள் மேற்பார்வைச் சிஸ்ரர் கமலாதேவி மாதம் ஒரு முறை ஊர்காவற்றுறையில் எங்களைத் தனித்தனியே கூப்பிட்டுப் பேசுவார்.

என்னோடு பேச்சு எப்போதும் அடியிலிருந்துதான் தொடங்கும். "போன முறை என்ன கதைச்சனாங்கள், சறோஜினிதேவி?" என்பார். நான் யோசித்துச் சொல்லி முடிக்கவே நேரம் போய்விடும். மாக்கிறேற் உள்ளே போனால் கதிரையில் இருக்கும் முன்பே வேலை தொடங்கிவிடும். எல்லாம் ஒரு தாளால். பேசி முடிந்ததும் வெளியே வாங்குப் பலகையில் இருந்து, காபன் தாள் வைத்து எழுதுவாள். மேலே, என்ன முடிவாயிற்று. கீழே, என்ன மிச்சம், யார் செய்வது, எந்தத் திகதிக்குள். ஒரு பிரதி சிஸ்ரருக்கு. அனலைதீவு வள்ளம் வெளிக்கிடப் போகிறது என்றாலும் எழுதாமல் எழும்பமாட்டாள், மகாராணி. அடுத்த மாதம் சிஸ்ரர் அந்த மிச்சத்தில் விரலை வைத்துத்தான் பேச்சைத் தொடங்குவார்.

அவளால் முடியுமென்றால் என்னால் முடியாதா? நானும் காபன் வாங்கினேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி டொக்டர் மாதத்தில் ஒரு நாள் புளியங்கூடலுக்கு வந்து கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும். சிஸ்ரர் டொக்டரிடம் நாள் கேட்பது, அவர் இருந்து பார்க்க நான் ஊரில் ஓர் அறை தேடுவது என்று பேச்சு. அறை கிடைக்கவில்லை. மாக்கிறேற்றின் தாளில் எப்போதும் நாலைந்து மிச்சம் நிற்கும். என் தாளில் ஒன்றும் நிற்கக்கூடாது என்று எனக்கு வீம்பு. ஆகவே அந்த விஷயத்தையே விட்டுவிட்டு, முடிந்தவற்றை மட்டும் முத்து முத்தாக எழுதினேன். கீழே 'மிச்சம் இல்லை' என்று போட்டுக் கோடும் இழுத்தேன்.

அடுத்த மாதம் சிஸ்ரர் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல வடிவாய் எழுதியிருக்கிறீர். மிச்சம் ஒண்டும் இல்லை. கெதியா முடிச்சிடலாம்."

"டொக்டர் வாற நாள், சிஸ்ரர்?"

"அது இதிலை இல்லையே. நீர் கைவிட்டிட்டீர் எண்டு நினைச்சன். டொக்டர் ஒரு நாள்தான் தந்தவர். மாக்கிறேற்றின்ரை தாளிலை இதே விஷயம் அஞ்சு மாசமாய் நிண்டது. அனலைதீவுக்குக் குடுத்திட்டன்."

"அவவுக்கு அறை கிடைச்சிட்டுதோ?"

"இல்லை. தேடியும் கிடைக்கேல்லை எண்டு எழுதியிருந்தவ. நான்தான் பள்ளிக்கூடத்திலை கதைச்சு எடுத்துக் குடுத்தனான்."

வீடு வரும்வரை மாக்கிறேற்றைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுப் படலையில் பரிமளம் நின்றாள். எட்டு மாதக் கர்ப்பிணி, கால் இரண்டும் வீக்கம்.

"டொக்டர் எப்ப வாறார், அக்கா?"

மாக்கிறேற் தட்டிப் பறித்துவிட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுடைய கால்களைப் பார்த்ததும் அது வரவில்லை.

"வரமாட்டார், பரிமளம். நான் எழுதேல்லை."